சம்பளம் நின்ற மாதம்: செல்வி வீட்டுக் கணக்கு, படிப்படியாக

கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டுச் செலவை எப்படிச் சுருக்குவது? இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஒரு குடும்பத்தின் கதையாகவே சொல்கிறேன். செல்வி என்பது கதைக்காக வைத்த பெயர். அம்பத்தூர்ப் பக்கம் வாடகை வீடு. கணவர் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாக சி.என்.சி. ஆப்பரேட்டர். எட்டாம் வகுப்பில் ஒரு பெண், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் மாமியார். ஆக ஐந்து பேர். கணவரின் மொத்தச் சம்பளம் 20,500 ரூபாய், பிடித்தம் போகக் கைக்கு வருவது 18,900. செல்வி புடவைக்கு ஃபால்ஸ் அடித்து மாதம் 1,500 சம்பாதிக்கிறாள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000. எல்லாம் சேர்த்து 21,400.

ஜூலை மாதக் கடைசி நாளில் கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வருகிறார். "ஆர்டர் இல்லைன்னு எட்டுப் பேரை நிறுத்திட்டாங்க செல்வி" என்கிறார். இனி அவள் செய்வதையெல்லாம் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: கையெழுத்தும் கைக்காசும்

செல்வி முதலில் கேட்பது காசைப் பற்றி இல்லை. "ஏங்க, எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்றுதான் கேட்கிறாள்.

ஆட்குறைப்பு நடக்கும் இடங்களில், "நானே விருப்பப்பட்டு விலகுகிறேன்" என்று எழுதிய தாளை நீட்டுவது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால்தான் செட்டில்மெண்ட் சீக்கிரம் வரும் என்றும் சொல்வார்கள். அந்த ஒரு கையெழுத்தால் இரண்டு விஷயம் கைவிட்டுப் போகலாம். ஒன்று, ஆட்குறைப்பு இழப்பீடு. குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிறுத்தினால், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். தானாக விலகியவருக்கு இது கிடையாது. இன்னொன்று இ.எஸ்.ஐ. தரும் வேலையின்மை உதவி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதனால் "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று தாளை வாங்கி வந்துவிடுவது நல்லது. செல்வியின் கணவர் அப்படித்தான் செய்திருக்கிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று முடிவு எடுக்கலாம்.

அப்புறம் கைக்காசு. ஜூலைச் சம்பளம் 18,900 வந்துவிட்டது. பேங்கில் 6,000. அடுக்களை டப்பாக்களிலும் பீரோவிலும் தேடி எடுத்தது 3,500. மொத்தம் 28,400. இந்தத் தொகையை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள். வர வேண்டிய பணம், யாராவது தருவதாகச் சொன்ன பணம், நகை எதையும் இதில் சேர்க்கவில்லை. கணக்கில் விழாத பணத்தை நம்பிச் செலவு செய்வதால்தான் பல வீடுகளில் இரண்டாம் மாதமே கடன் தொடங்குகிறது.

இரண்டாம் படி: பழைய மாதத்தை அப்படியே எழுதிப் பார்ப்பது

குறைப்பதற்கு முன்னால் இதுவரை என்ன செலவானது என்று தெரிய வேண்டும். செல்வி வீட்டில் இப்படி: வாடகை 6,000. மளிகை 4,000. காய், மீன், கோழி 2,000. பால் 1,200. கேஸ் 800. கரண்ட் 500. போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து 700. பெட்ரோல் 1,200. பைக் இ.எம்.ஐ. 2,400. சீட்டு 1,000. பையனின் ஸ்கூல் வேன் 800. மாமியார் மாத்திரை 700. கூட்டினால் 21,300. வந்ததெல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம்.

இப்போது வரவு 2,500 மட்டும். பழையபடியே செலவு செய்தால் மாதம் 18,800 துண்டு விழும். கையில் உள்ள 28,400 ஒன்றரை மாதம் தாங்கும். அதாவது செப்டம்பர் பாதியில் பணம் தீர்ந்துவிடும்.

அடுத்து ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்திலும், "இதைக் கட்டாவிட்டால் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும்?" என்று எழுதுகிறாள். எதில் முதலில் கைவைக்கலாம் என்பது இதில்தான் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் ஒரே வாரத்தில் உடம்பு கெடும். இ.எம்.ஐ. ஒரு நாள் தவறினாலும் அபராதம். வாடகைக்கு ஓனரிடம் பேசிப் பார்க்கலாம். பெட்ரோல் போடாவிட்டால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். 'அவசியம், அநாவசியம்' என்று இரண்டாகப் பிரித்தால் வீட்டில் சண்டைதான் வரும். பையனுக்குத் தின்பண்டம் அவசியம், மாமியாருக்கு டி.வி. அவசியம். என்ன ஆகும் என்று கேட்டால் பதில் தானாக வரும்.

மூன்றாம் படி: ரேஷனிலிருந்து அடுப்பு வரை

உண்மையில் அதிகம் குறையக்கூடிய இடம் மளிகை. குறைப்பது சாப்பாட்டின் அளவை இல்லை, வாங்கும் இடத்தை.

செல்வி வீட்டில் அரிசி கார்டு உண்டு. மாதம் 20 கிலோ அரிசி இலவசம். ஆனால் வரிசையில் நிற்க நேரமில்லை என்று பாதி மாதம் வாங்காமலே விட்டிருந்தாள். வாங்கியதும் மாவுக்குத்தான் போகும். சாப்பாட்டுக்குக் கடை அரிசி, 25 கிலோ மூட்டை 1,400 ரூபாய். இனிமேல் வரிசையில் நிற்பது கணவர் வேலை. ரேஷன் சாமான் முழுதாக வாங்கினால் துவரம் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை இரண்டு கிலோ 50. மொத்தம் 105 ரூபாய்.

பருப்பும் எண்ணெயும் சில மாதம் தாமதமாக வரும். அதனால் மாத ஆரம்பத்தில் ஒருமுறை, பதினைந்தாம் தேதிக்கு மேல் ஒருமுறை போய்க் கேட்பது நல்லது. வாங்காத பொருளுக்கு வாங்கியதாக போனில் மெசேஜ் வந்தால் அப்படியே விடக்கூடாது. முதலில் கடையில் கேளுங்கள், சரியாகாவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

ரேஷன் அரிசியைச் சாப்பாட்டுக்கு வைப்பதில் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. செல்வி அதை எப்படிச் செய்கிறாள் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். வாங்கி வந்ததும் பழைய வேட்டியை விரித்து வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி வைக்கிறாள். சாக்கு வாடை பாதி போய்விடுகிறது. முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குகிறாள். அப்போது மற்ற அரிசியைவிடச் சற்று வெளிறிய, நிறம் வேறான சில மணிகள் தென்படும். தண்ணீரில் போட்டால் அவற்றில் சில மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லிப் பொறுக்கி எறிகிறார்களே, அது இதுதான். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணியாக்கி, நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கிறார்கள். ரத்த சோகை அதிகம் உள்ள வீட்டுக்கு வேண்டிய பொருளே அந்த ஒரு மணிதான். எறியாதீர்கள்.

கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்தால் சாம்பாருக்கும் மோருக்கும் நன்றாகவே இருக்கிறது. ரசத்துக்குப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அதனால் கடை அரிசியை அடியோடு நிறுத்தாமல் பத்துக் கிலோ மட்டும் கிலோ 60 ரூபாயில் வாங்குகிறாள், மாதம் 600. பாதிக்குப் பாதி கலந்து வைக்கும் நாளும் உண்டு. இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். குண்டு அரிசி என்பதால் இட்லி மெத்தென்று வரும்.

அரிசியில் 800 ரூபாய் மிச்சம். பருப்பிலும் எண்ணெயிலும் பாதி ரேஷனுக்கு மாறியதில் 200. பாக்கெட் மாவு, பிஸ்கட், ஊட்டச்சத்து பவுடர் டப்பாவை நிறுத்தியதில் 400. மளிகை 4,000 ரூபாயிலிருந்து 2,600 ஆகிவிட்டது. யாருடைய தட்டிலும் அளவு குறையவில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. அண்ணாச்சி கடை நோட்டு. சம்பளம் வரும் வீட்டுக்கு அது வசதி. சம்பளம் நின்ற வீட்டில் அந்த நோட்டு இருந்தால், குறைத்ததெல்லாம் குறையாமல் அங்கே போய்க் கடனாக ஏறும். செல்வி ஆகஸ்ட் முதல் வாரத்தில் பாக்கியை முழுக்கக் கட்டிவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, பிள்ளைங்க வந்து கேட்டாலும் நோட்டுல எழுதாதீங்க. காசு குடுத்தாத்தான் சாமான்." அவர், "உங்களுக்கு இல்லாததாம்மா" என்று சங்கடப்பட்டார். அவள் விடவில்லை. மளிகையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 1,300 ரூபாய்க்கு வாங்குகிறாள். ஒரே தடவையில் மாதம் முழுக்க வாங்கினால் கைக்காசு முடங்கும். தினமும் பத்து இருபதுக்கு வாங்கினால் பாக்கெட் விலையே கூடுதல்.

காய்க்கும் மீனுக்கும் 1,500. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் வாங்கினால் விலை இறங்கும், ஆனால் அன்றே, மறுநாளே சமைக்கிற காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். கீரையை மட்டும் சாயங்காலம் வாங்கக் கூடாது, பாதி வாடிப் போய்க் குப்பைக்குப் போகும். கோழிக்குப் பதிலாக மத்தி மீன், முட்டை, நெத்திலிக் கருவாடு. பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர், வேண்டிய நாளில் ஒரு பாக்கெட் கூடுதல். மாதம் 700.

நான்காம் படி: மற்ற செலவுகள், சுருக்கமாக

பெட்ரோல் 400, அதுவும் இண்டர்வியூவுக்கு மட்டும். பையனை வேனில் அனுப்பாமல் செல்வியே பஸ்ஸில் அழைத்துப் போகிறாள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. பையனுக்குப் பள்ளி மூலம் பஸ் பாஸ் கேட்டு வாங்கினாள். வேன் 800 மிச்சம்.

போன் 700 ரூபாயிலிருந்து 400. இதில் ஒரு எச்சரிக்கை. கணவர் நம்பரை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. இண்டர்வியூ அழைப்பும், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்க் ஓ.டி.பி. எல்லாமும் அதில்தான் வரும். நிறுத்தியது செல்வியின் இரண்டாவது சிம்மும் டேட்டா கூடிய பிளானும்.

கரண்டுக்கு 400. தனி மீட்டர் உள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் முன்னால் ஓடிய ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழும். அதனால் ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுவது லாபம். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசுதான்.

மாத்திரை 700 ரூபாயிலிருந்து பூஜ்யம். எப்படி என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: வாடகை, இ.எம்.ஐ., சீட்டு, நகை

இந்த நான்கையும் குறைக்க முடியாது, பேசத்தான் முடியும். அதுவும் தேதிக்கு முன்னால்.

வாடகை பாக்கி விழுந்தபின் ஓனரிடம் போய் நின்றால் கெஞ்சுவதாக ஆகும். செல்வி ஆகஸ்ட் வாடகையை முழுசாகக் கையில் கொடுத்துவிட்டுப் பேசினாள். "அக்கா, அவருக்கு வேலை போயிருச்சு. அடுத்த ரெண்டு மாசம் மூவாயிரம் மூவாயிரமா குடுக்கிறேன். மீதியை அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க. வேலை கிடைச்சதும் அட்வான்ஸை நிரப்பிடுறேன்." ஓனரம்மா யோசித்துவிட்டு, "ரெண்டு மாசம்தான், அதுக்கு மேல கேக்காதே" என்றார். கழித்த தொகையை வாடகை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதாமல் விட்டால் காலி செய்யும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது கடன் மாதிரிதான், ஆனால் வட்டி இல்லாத கடன்.

பைக் இ.எம்.ஐ. ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படும். பணம் இல்லாவிட்டால் பேங்க் ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக அபராதம் போடும். அதனால் நான்காம் தேதியே 2,400 கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறாள். வேலை போனபின் சம்பளக் கணக்கு சில மாதத்தில் சாதாரணக் கணக்காக மாறிவிடும். அப்போது சில பேங்குகளில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று பிடிப்பார்கள், அந்தப் பிடித்தத்தால் இ.எம்.ஐ.க்குச் சில நூறு குறைந்து பவுன்ஸ் ஆவது அடிக்கடி நடக்கிறது. எவ்வளவு வைக்க வேண்டும் என்று கிளையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

சீட்டு 20,000 ரூபாய்ச் சீட்டு. இருபது மாதத்தில் பன்னிரண்டு முடிந்துவிட்டது, செல்வி இன்னும் எடுக்கவில்லை. இப்போதே தள்ளி எடுத்தால் கணிசமாகக் குறைத்துக் கேட்க வேண்டியிருக்கும். கடைசி மாதங்களில் தள்ளுபடி குறையும். அதனால் தொடர்ந்து கட்டி, கை வறண்டால் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டாள்.

நகை கடைசி. அப்படியே அடகு வைக்க நேர்ந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் பேங்க் அல்லது கூட்டுறவுச் சங்கம். தெருமுனை அடகுக்கடையில் 'மூணு வட்டி' என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். நூறுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். 20,000 வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டிக்கே போகும். செல்வி வேனை நிறுத்தி மிச்சம் பிடித்ததில் முக்கால்வாசி அது. 'பத்து வட்டி' என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். அந்தப் பக்கமே போகக் கூடாது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசில் சொல்லலாம். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளையும் இதே வரிசையில் வையுங்கள்.

இடையில் ஒரு கூட்டல்

புதிய மாதம் இப்படி வருகிறது: வாடகை 6,000, மளிகை 2,600, காய் 1,500, பால் 700, கேஸ் 800, கரண்ட் 400, போன் 400, பெட்ரோல் 400, இ.எம்.ஐ. 2,400, சீட்டு 1,000. இவை 16,200. எதிர்பாராததற்கு 500. மொத்தம் 16,700. வரவு 2,500 போகத் துண்டு 14,200. கையில் 28,400. சரியாக இரண்டு மாதம்.

இந்த இடத்தில் நிதானமாகப் பாருங்கள். அவ்வளவு பாடுபட்டுக் குறைத்தும் ஒன்றரை மாதம் இரண்டு மாதமானது, அவ்வளவுதான். ஓனரம்மா கொடுத்த சலுகை 6,000 ரூபாயைச் சேர்த்தால் இன்னும் பன்னிரண்டு நாள். சிக்கனம் பண்ணினால் நாட்கள் கிடைக்கும். மாதங்கள் வேண்டுமென்றால் வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பல வீடுகளில் அம்மாக்கள் பாலைக் குறைப்பதிலும் காயைக் குறைப்பதிலும் உயிரை விடுகிறார்கள், கணவரின் பெயரில் உள்ள பணமோ கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது.

ஆறாம் படி: கேட்டால் கிடைக்கும் பணம்

முதலில் கிராஜுவிட்டி. ஐந்து வருடம் முடித்தவருக்கு உரிமை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். செல்வியின் கணவருக்கு அடிப்படைச் சம்பளம் 12,000. அதன்படி ஆறு வருடத்துக்கு 41,538 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். ஆட்குறைப்பு இழப்பீடு இதற்கு மேல் தனி. ஆனால் அதில் தகராறு வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் செல்வி அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்து இ.எஸ்.ஐ. இதைப் பற்றித் தெரியாத குடும்பங்களே அதிகம். வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவமும் போய்விட்டது என்று கார்டைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். நடைமுறை வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆறு மாதத்தில் 78 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். செல்வியின் கணவர் ஏப்ரலிலிருந்து ஜூலை முடிய வேலை பார்த்திருக்கிறார், 78 நாளைத் தாண்டியாயிற்று. ஆகவே டிசம்பர் வரை பழைய பங்களிப்பும், ஜனவரியிலிருந்து ஜூன் வரை புதியதும் கைகொடுக்கும். அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பக் கணக்கில் வருவார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய மாமியாரின் மாத்திரை இப்போது இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வருகிறது. பேர் சேர்க்காமல் இருந்தால் முதலில் கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஜூனுக்குப் பிறகும் வேலை கிடைக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம்.

அதே இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி நாள் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவது. வாழ்நாளில் ஒருமுறைதான். தவறு செய்து நீக்கப்பட்டவருக்கும் தானாக விலகியவருக்கும் கிடையாது. முதல் படியில் கையெழுத்தைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். இந்தத் திட்டம் அவ்வப்போது காலநீட்டிப்பு பெற்று ஓடுவது. அதனால் கிளை அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் கணக்கில் சேருங்கள். 20,500 சம்பளத்துக்கு நாளைக்குச் சுமார் 341 ரூபாய், 90 நாளுக்கு ஏறக்குறைய 30,700. ஆதார் எண்ணும் பேங்க் கணக்கும் இ.எஸ்.ஐ. பதிவில் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும்.

கிராஜுவிட்டி வந்தால் ஏறக்குறைய மூன்று மாதம். இ.எஸ்.ஐ. உதவி வந்தால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கைக்காசோடு சேர்த்தால் ஏழு மாதம். தீபாவளியைத் தாண்டிப் பொங்கலையும் தாண்டிவிடலாம்.

பி.எஃப். பணத்தைச் செல்வி தொடவில்லை. தேவைப்பட்டால் எடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஆறு வருடத்தையும் மொத்தமாக முடித்துப் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால், பத்து வருடம் முடித்தால் கிடைக்கும் பென்ஷனுக்கான கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பி.எஃப். இணையதளத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது. பதியாவிட்டால் கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம்.

ஏழாம் படி: பிள்ளைகளும், அம்மாவின் தட்டும்

பெண் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவளை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. பையன் தனியார் பள்ளி. அக்டோபரில் இரண்டாம் டெர்ம் ஃபீஸ் வரும். செல்வி ஆகஸ்டிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்து மூன்று தவணையாகக் கட்ட எழுத்தில் அனுமதி வாங்கினாள். தவணைப் பணம் கிராஜுவிட்டியிலிருந்து போகும். கிராஜுவிட்டி வராவிட்டால் சீட்டை எடுப்பது என்று நோட்டில் எழுதியும் வைத்தாள். அடுத்த ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்பதை மார்ச்சில் பேசுவது என்று தள்ளி வைத்தார்கள். வருட நடுவில் மாற்றினால் கட்டிய ஃபீஸும் போகும், பையனும் தவித்துப்போவான்.

பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. "அப்பாவுக்கு வேற வேலை தேடணும். அதுவரைக்கும் வெளிய வாங்கித் திங்கிறது இல்ல. ஸ்கூலுக்கு வேண்டியது எதுவும் நிக்காது" என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

கணக்கு எங்கே சரிகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அண்ணாச்சி நோட்டு மறுபடி திறப்பது ஒன்று. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது இன்னொன்று. அந்த நிலை வந்தால் பைக்கை விற்று இ.எம்.ஐ.யை முடிப்பதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு அடையாளம் எந்த நோட்டிலும் வராது. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை அம்மா சாப்பிடுவது. கணக்கில் துண்டு விழவில்லை என்று இருக்கும், அந்தத் துண்டு அவள் உடம்பில் விழுந்திருக்கும். நின்றால் தலை சுற்றுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, நகம் வெளுப்பது எல்லாம் ரத்தம் குறைவதைக் காட்டும். செல்வி வீட்டில் இதைக் கண்டுபிடித்தது மாமியார். ஒரு ராத்திரி சட்டியைப் பார்த்துவிட்டு, "நீ என்னத்தைச் சாப்பிட்டே?" என்று கேட்டார். "இருக்கு அத்தை" என்றாள். "இருக்கிறதைக் காட்டு." அன்றிலிருந்து ஐந்து தட்டையும் ஒன்றாக வைத்து, ஐந்திலும் ஒன்றாகப் பரிமாறுகிறார்கள். முட்டை வாங்கினால் ஐந்து வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் மூன்று முட்டையைப் பொரியலாகப் பொரித்து எல்லோருக்கும் பிரிக்கிறார்கள்.

எட்டாம் படி: புது வேலை கிடைத்த பிறகு

நவம்பர் பத்தாம் தேதி கணவர் வேறொரு கம்பெனியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முழுச் சம்பளம் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோதான் வரும். நவம்பருக்கு இருபது நாள் சம்பளம் வந்தால் உண்டு, சில இடங்களில் அதையும் அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தருவார்கள். போதாததற்குப் புது வேலைக்குப் போகப் பெட்ரோல், சாப்பாடு, ஷூ, மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் என்று செலவு கூடும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் இந்த இடைவெளியில்தான் பலர் நகையை வைக்கிறார்கள். அதனால் ஒரு மாதத் துண்டான 14,200 ரூபாயும், மேற்கொண்டு ஒரு 2,000 ரூபாயும் முழுச் சம்பளம் வரும் வரை கையில் இருக்க வேண்டும். சேர்ந்த அன்றே பழைய பி.எஃப். யு.ஏ.என். எண்ணையும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையும் கொடுக்க வேண்டும், புது எண் போட விடக் கூடாது.

முதல் முழுச் சம்பளத்தில் செல்வி வைத்திருக்கும் வரிசை: வாடகை அட்வான்ஸில் கழித்த 6,000 ரூபாயை மூன்று மாதத்தில் நிரப்புவது, பையனின் ஃபீஸ் தவணையில் பாக்கியை முடிப்பது, அதன் பிறகு பெட்ரோலும் பாலும் பழைய அளவுக்கு. ரேஷன் அரிசியை மாற்றப் போவதில்லை. அந்த 800 ரூபாய் மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போகிறது.